பள்ளிப் பதிவேட்டைப் புது மென்பொருளுக்கு மாற்றுகிறீர்களா? டர்பனிலிருந்து ஒரு வழிகாட்டி

டர்பன் பக்கத்துப் பள்ளி ஒன்றில், பழைய எக்செல் கோப்புகளிலும் ஆக்சஸ் டேட்டாபேஸிலும் கிடந்த மாணவர் பதிவுகளை இணையவழி மென்பொருளுக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. விற்பனையாளர் தந்த கையேடு திரைகளை விளக்கியதே தவிர, தென்னாப்பிரிக்க அடையாள எண்ணையும் கட்டண நிலுவையையும் கோவெண்டர் என்ற ஒரே குடும்பப் பெயர் கொண்ட பிள்ளைகளையும் பற்றி எதுவும் சொல்லவில்லை. சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ லெனேசியாவிலோ இதே வேலையை இப்போது ஏற்றிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். முந்நூறிலிருந்து ஆயிரம் மாணவர், அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர், தனியாக ஐடி ஆள் கிடையாது என்ற அளவுள்ள பள்ளியை மனதில் வைத்துப் படியுங்கள்.

1. முதலில் தேதியை முடிவு செய்யுங்கள்

எல்லோரும் டிசம்பரைத்தான் சொல்வார்கள். பள்ளி ஆண்டு முடிகிறது, ஜனவரியில் புதிதாகத் தொடங்கலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டிசம்பர் நடுவில் இந்த நாட்டில் பாதி நிறுவனங்கள் மூடிவிடும். விற்பனையாளரின் உதவி எண்ணில் மணி அடிக்கும், எடுக்க ஆள் இருக்காது. ஜனவரியில் பள்ளி திறந்ததும் புதுச் சேர்க்கை, இடமாற்றம், கல்வித் துறை கேட்கும் பத்தாம் நாள் தலையெண்ணிக்கை எல்லாம் இரண்டே வாரத்தில் வந்து நிற்கும். புது மென்பொருளைப் பழக அதைவிட மோசமான நேரம் கிடையாது.

நான் சொல்வது முதல் பருவம் முடியும் மார்ச்–ஏப்ரல் விடுமுறை. சேர்க்கை அலை ஓய்ந்திருக்கும், விற்பனையாளர் ஆட்கள் வேலையில் இருப்பார்கள், நடப்பு ஆண்டில் ஒரே ஒரு பருவ மதிப்பெண்ணைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். ஜூன் விடுமுறைக்குத் தள்ளினால் இரண்டு பருவ மதிப்பெண் சேர்ந்துவிடும். ஆண்டு மதிப்பெண் கணக்கிடும் விகிதங்களும் கூடவே வரும், வேலை இரட்டிப்பாகும்.

இந்த விடுமுறையில் ஒன்றைக் கவனியுங்கள். புனித வெள்ளியும் அதை அடுத்த திங்களும் பல ஆண்டுகளில் இதற்குள்தான் விழும். இசிப்பிங்கோ, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவும் அந்த நாட்களில்தான். அலுவலகத்தில் நம்மவர்கள் இருந்தால் வெள்ளிக்கிழமை யாரும் போன் எடுக்க மாட்டார்கள், எடுக்கச் சொல்வதும் நியாயமில்லை. அட்டவணையில் அந்த நாட்களை முதலிலேயே வெட்டிவிடுங்கள்.

2. எதைக் கொண்டுபோகிறீர்கள், எந்தக் காகிதம் வேண்டும்

இப்போது படிக்கும் மாணவர், அவர்களின் பெற்றோர், நடப்பு ஆண்டு மதிப்பெண்ணும் வருகையும், கட்டணத்தில் இன்றைய நிலுவை. இவற்றை மட்டும் மாற்றுங்கள். முந்தைய ஆண்டுகளின் மதிப்பெண்களை வரிவரியாக மாற்ற முயல வேண்டாம். ஆண்டிறுதித் தேர்ச்சிப் பட்டியல்களையும் ரிப்போர்ட் கார்டுகளையும் பிடிஎஃப் ஆக்கி, மாணவர் பக்கத்தில் இணைத்தால் போதும். பழைய பாடத்திட்டத்தின் பாடப் பெயர்களைப் புதியவற்றோடு பொருத்த முயன்றால் மாதங்கள் ஓடிவிடும், அதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அரசுப் பள்ளி என்றால் இன்னொரு கேள்வி. மாகாணக் கல்வித் துறைக்குத் தரவு எஸ்ஏ-சாம்ஸ் என்ற அரசின் பள்ளி நிர்வாக மென்பொருள் வழியாகப் போகிறது. உங்கள் புது மென்பொருள் அந்த வடிவத்தில் ஏற்றுமதி செய்யுமா, அல்லது இரண்டிலும் தட்டச்சு செய்ய வேண்டுமா? ‘செய்யும்’ என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள், ஒரு மாதிரிக் கோப்பை உங்கள் கண் முன் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின்படி, உங்களுக்காக மாணவர் தகவலைக் கையாளும் நிறுவனத்தோடு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். ஒரு கோப்பைக்கூட அனுப்புவதற்கு முன் அதில் கையெழுத்து ஆகியிருக்க வேண்டும். தரவு எந்த நாட்டுச் சர்வரில் இருக்கும், கசிந்தால் யாருக்கு எப்போது சொல்வார்கள், சோதனைக்கு எடுத்த பிரதிகளை எப்போது அழிப்பார்கள் என்ற மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

செலவில் உரிமக் கட்டணம் எல்லோர் கண்ணிலும் படும். கண்ணில் படாதவை வேறு. சோதனை ஏற்றம் எத்தனை முறை விலையில் அடங்கும் என்று கேளுங்கள். ஒன்றுதான் என்றால் இன்னும் இரண்டுக்குப் பேரம் பேசுங்கள், கட்டாயம் தேவைப்படும். அலுவலக ஊழியரின் கூடுதல் நேரச் சம்பளத்துக்கும் நிதி ஒதுக்குங்கள். பழைய மென்பொருளுக்கு ஆண்டு உரிமம் உண்டென்றால் அதை உடனே நிறுத்திவிடாதீர்கள். டிசம்பர் 31-இல் முடிந்த கணக்கைத் தணிக்கை செய்து ஆறு மாதத்துக்குள் துறைக்குத் தர வேண்டும் என்பதால், ஜூன் முடியும்வரை தணிக்கையாளர் பழைய கணக்கைத்தான் கேட்பார்.

3. அடையாள எண்: பாதி வேலை இங்கேதான்

தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். ஏழாவது இலக்கம் 0 முதல் 4 வரை என்றால் பெண், 5 முதல் 9 வரை என்றால் ஆண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது.

எக்செல் இந்த எண்ணை இரண்டு விதமாகக் கெடுக்கும். 2001 முதல் 2009 வரை பிறந்தவரின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். அந்தக் கட்டம் எழுத்தாக இல்லாமல் எண்ணாக இருந்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போய் 12 இலக்கம் மிஞ்சும். 2010-லிருந்து பிறந்தவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதனால் சின்ன வகுப்புகளை மட்டும் மாதிரிக்கு எடுத்துப் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும், மெட்ரிக் எழுதப்போகும் பிள்ளைகளின் எண்தான் உடைந்திருக்கும். தேர்வுப் பதிவுக்கு அந்த எண் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது இன்னும் மோசம். எண்ணாக உள்ள 13 இலக்கத்தை எக்செல் `1,20416E+12` என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரிந்த சுருக்கம்தான் கோப்பில் போகும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். அந்தச் சிஎஸ்வியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, மூலக் கோப்புக்குத்தான் திரும்ப வேண்டும். சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறப்பதையே விட்டுவிடுங்கள். `Data > From Text/CSV` வழியாகத் திறந்து அந்த நெடுவரிசையை `Text` என்று மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.

மூலக் கோப்பில் A-இல் எண்ணும் C-இல் பிறந்த தேதியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். B-யிலும் D-யிலும் இவற்றைப் போடுங்கள்:

```
B2:  =TEXT(A2;"0000000000000")
D2:  =LEFT(B2;6)=TEXT(C2;"yymmdd")
```

முதல் வரி காணாமல் போன பூஜ்யத்தைத் திருப்பி வைக்கும். இரண்டாவது வரி, எண்ணில் உள்ள பிறந்த தேதியும் பதிவேட்டில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்கும். இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் செய்யக் கூடாது. ஏனென்றால் 12 இலக்கம் இருப்பதற்குப் பூஜ்யம் போனது மட்டும் காரணமல்ல, யாரோ நடுவில் ஓர் இலக்கத்தை விட்டுத் தட்டச்சு செய்திருக்கலாம். அதற்கும் முன்னால் பூஜ்யம் ஒட்டிவிட்டால் பார்க்க 13 இலக்கமாக அழகாக இருக்கும், எண் தவறு. D-யில் `FALSE` வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், ஊகித்துத் திருத்த வேண்டாம்.

சூத்திரத்தில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். விண்டோஸில் தென்னாப்பிரிக்க அமைப்பு இருந்தால் தசமத்துக்குக் காற்புள்ளி, பிரிப்பதற்கு அரைப்புள்ளி. சென்னையிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினியில் அதே கோப்பைத் திறந்தால் கதை மாறிவிடும். இது கட்டணத்தில் எப்படிக் கடிக்கும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடையாள எண்ணே இல்லாத பிள்ளைகளும் இருப்பார்கள். ஆவணம் இல்லை என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்று 2019 டிசம்பரில் மக்கண்டா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே புது மென்பொருளில் அந்தப் புலம் கட்டாயமாக இருக்கக் கூடாது. கட்டாயமாக இருந்தால் அவசரத்தில் இருக்கும் ஊழியர் பதின்மூன்று பூஜ்யங்களை அடித்துவிட்டு நகர்வார். இரண்டாவது பிள்ளைக்கும் அதையே அடித்தால், மென்பொருள் இருவரையும் ஒருவராகச் சேர்த்துவிட வாய்ப்புண்டு. கடவுச்சீட்டு எண், அனுமதி எண், ‘விண்ணப்பித்திருக்கிறது’ என்ற மூன்றுக்கும் தனித்தனிப் புலம் கேட்டு வாங்குங்கள்.

4. பெயரும் குடும்பமும்

நம் பகுதிப் பள்ளியில் ஒரே வகுப்பில் இரண்டு கே. கோவெண்டர் இருப்பது அபூர்வமல்ல. குடும்பப் பெயரும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் ‘ஒரே ஆள்’ என்று எடுத்துக்கொள்ளும் விதி இரட்டைப் பிள்ளைகளை நிச்சயமாகச் சேர்த்துவிடும். பழைய சேர்க்கை எண்ணைத் திறவுகோலாக வைத்து, அதைப் புது மென்பொருளிலும் தனிப் புலமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பின்னால் எந்தச் சந்தேகம் வந்தாலும் இரண்டு பதிவேடுகளுக்கும் நடுவே உள்ள ஒரே பாலம் அதுதான்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களில் சிக்கல் வேறு. பிள்ளையின் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர், அப்பாவின் கடைசிப் பெயர் தாத்தாவின் பெயர், அம்மாவுக்கு வேறொன்று. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருப்பதும் உண்டு. குடும்பப் பெயரை வைத்து உடன்பிறந்தோரை இணைக்கும் மென்பொருள் இவர்களைத் தனித்தனிக் குடும்பமாக்கிவிடும். இரண்டாவது பிள்ளைக்கான சலுகை போய்விடும், ஒரே வீட்டுக்கு இரண்டு பில் போகும். பெற்றோரின் கைபேசி எண்ணை வைத்து ஒரு பட்டியல் எடுத்து, அலுவலகத்தில் நீண்ட காலம் இருக்கும் ஆன்ட்டியிடம் காட்டுங்கள். யார் யாருடைய பிள்ளை என்று அவர் ஒரு மாலைக்குள் சொல்லிவிடுவார்.

5. சோதனை ஏற்றமும் ஒப்பிட்டுப் பார்ப்பதும்

சுத்தம் செய்த கோப்பை உண்மைத் தளத்தில் அல்லாமல் சோதனைத் தளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றம் முடிந்ததும் விற்பனையாளர் ‘அத்தனை வரியும் ஏறிவிட்டது’ என்று ஓர் அறிக்கை அனுப்புவார். வரி எண்ணிக்கை ஒத்துப்போவது தேவைதான், ஆனால் போதாது. ஒரு பிள்ளை விடுபட்டு இன்னொரு பிள்ளை இரண்டு முறை ஏறியிருந்தாலும் மொத்தம் ஒத்துப்போகும்.

அதனால் வகுப்பு வகுப்பாகப் பட்டியல் அச்சிட்டு வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள். ஆசிரியர் தன் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பெயர் பெயராக டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். கணினியில் செய்யும் எந்த ஒப்பீட்டையும்விட இந்தக் காகிதத்தைத்தான் நான் நம்புகிறேன். போன மாதம் வேறு பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளை இன்னும் பட்டியலில் இருப்பதை ஆசிரியர் மட்டுமே கண்டுபிடிப்பார்.

கட்டணத்துக்கு வகுப்புவாரியாக நிலுவை மொத்தத்தைப் பழையதிலும் புதியதிலும் எடுத்துச் சதம்வரை ஒப்பிடுங்கள். ஒரு வீட்டின் நிலுவை 1250,50 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். தசமத்துக்குப் புள்ளியை எதிர்பார்க்கும் சர்வர், அந்தக் காற்புள்ளியை ஆயிரம் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொண்டு 125050 என்று ஏற்றிவிடும். சதம் இல்லாத தொகைகள் சரியாக ஏறும், சதம் உள்ளவை மட்டும் நூறு மடங்காகும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது, மொத்தத்தில் உடனே தெரியும். அப்புறம் கழித்தல் குறி. முன்கூட்டியே ஆண்டுக் கட்டணம் முழுவதையும் செலுத்தியவரின் கணக்கு பழையதில் கழித்தல் குறியோடு இருக்கலாம், புதியதில் அதே குறிக்கு நேரெதிர் பொருள் இருக்கலாம். கடன் உள்ள வீடு, பூஜ்யமான வீடு, முன்பணம் உள்ள வீடு என்று மூன்றை எடுத்து, பெற்றோருக்குப் போகும் அறிக்கையைத் திறந்து பாருங்கள்.

6. பயனர் ஏற்புச் சோதனை

இது விற்பனையாளர் காட்டும் டெமோ அல்ல. அன்றாடம் வேலை செய்யப்போகிறவர்கள், தங்கள் பள்ளியின் தரவை வைத்துத் தாங்களே செய்து பார்ப்பது. அலுவலக ஊழியர், கட்டணம் வாங்குபவர், வகுப்பாசிரியர் இருவர், துணை முதல்வர் என்று ஐந்து பேர் போதும். கணினியில் கெட்டிக்காரரான ஆசிரியரை மட்டும் அழைக்காதீர்கள், தயங்குபவர் ஒருவரும் அதில் இருக்கட்டும். பள்ளி நாட்களில் பிற்பகல்களில் நடத்துவதென்றால் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு சோதனையையும் மூன்று வரியில் எழுதி வையுங்கள்: என்ன செய்ய வேண்டும், என்ன வர வேண்டும், என்ன வந்தது. ‘என்ன வர வேண்டும்’ என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். பின்னால் எழுதினால் திரையில் வந்ததே சரி என்று மனம் ஒப்புக்கொண்டுவிடும்.

வழக்கமான வேலைகள் பெரும்பாலும் ஓடிவிடும். ஓரத்தில் இருப்பவைதான் உடையும். எடுத்துக்காட்டாக, இங்கே மதிப்பெண்ணை ஏழு நிலைகளாகப் பிரிக்கிறோம், 80-லிருந்து நிலை 7, 70 முதல் 79 வரை நிலை 6. ஒரு பிள்ளைக்கு 79.5 வருமாறு மதிப்பெண்களை இட்டு ரிப்போர்ட் கார்டை அச்சிடுங்கள். மென்பொருள் முழுமையாக்கிய பிறகு நிலையைத் தீர்மானித்தால் 80, நிலை 7. நிலையை முதலில் தீர்மானித்துவிட்டு எண்ணைப் பிறகு முழுமையாக்கினால் அட்டையில் 80 என்றும் பக்கத்தில் நிலை 6 என்றும் அச்சாகும். அந்த அட்டையோடு பெற்றோர் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

தமிழ் எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ‘தமிழ், இரண்டாம் கூடுதல் மொழி’ தேசியப் பாடப் பட்டியலில் இருக்கும் பாடம். ஆனால் விற்பனையாளர் சுருக்கித் தரும் பட்டியலில் அது இல்லாமல் போகலாம், ‘மற்றவை’ என்பதன் கீழ் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பாடக் குறியீடு தவறினால் அது துறைக்குப் போகும் கோப்பிலும் தவறும்.

கட்டண விலக்கு பெற்ற குடும்பம் ஒன்றை எடுத்து மாதாந்தர பில் ஓட்டிப் பாருங்கள். முழு விலக்குக்கு எதுவும் வரக் கூடாது, பாதி விலக்குக்குப் பாதிதான் வர வேண்டும். விலக்கு பழையதில் ஒரு குறிப்பாக மட்டும் எழுதப்பட்டிருந்தால் அது ஏற்றத்தில் வராது, கையால்தான் இட வேண்டும். ஏற்கெனவே சிரமத்தில் இருக்கும் வீட்டுக்கு முழு பில்லும் வசூல் குறுஞ்செய்தியும் போவதை நினைத்துப் பாருங்கள். இந்த ஒரு சோதனையை யார் அவசரப்படுத்தினாலும் தள்ளிப்போட வேண்டாம்.

பிழைகளை இரண்டே வகையாகப் பிரியுங்கள். பிள்ளை விடுபடுவது, பணம் தவறுவது, மதிப்பெண் தவறுவது, பார்க்கக் கூடாததை ஒருவர் பார்ப்பது: இந்த நான்கில் ஒன்று மிச்சமிருந்தாலும் மாறக் கூடாது. சின்னம் கோணலாக இருப்பது, பொத்தான் இடம் மாறியிருப்பது எல்லாம் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

7. மாறும் வாரம்

பருவம் வெள்ளிக்கிழமை முடிகிறது, அடுத்த வார இறுதியில் ஈஸ்டர் என்று வைத்துக்கொண்டு அட்டவணையைச் சொல்கிறேன்.

வெள்ளி மதியம் ரிப்போர்ட் கார்டுகள் போன பிறகு, இரண்டு மணிக்குப் பழைய மென்பொருளில் எழுதும் உரிமையை எல்லோருக்கும் எடுத்துவிடுங்கள். ‘யாரும் தொடாதீர்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சொல்வது போதாது. இரண்டு காப்புப் பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி இருந்தும் பயனில்லை. அன்றே இறுதிக் கோப்புகளை எடுத்து, சோதனையில் பயன்படுத்திய அதே சூத்திரங்களை ஓட்டி அனுப்புங்கள்.

சனிக்கிழமை ஏற்றம். திங்களும் செவ்வாயும் ஐந்தாம் படியில் சொன்ன ஒப்பீடு, மறுபடி முழுமையாக. ஆசிரியர்கள் விடுமுறையில் இருப்பதால், சோதனையின்போது அவர்கள் கையெழுத்திட்ட பட்டியலை வைத்து அலுவலகம் சரிபார்க்கலாம். புதன் மதியம் முதல்வர், கட்டணப் பொறுப்பாளர், நீங்கள் மூவரும் உட்கார்ந்து போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்து எழுதிக் கையெழுத்திடுங்கள். வியாழன் ஆசிரியர்களுக்கு உள்நுழைவு அனுப்பலாம்.

இந்த நாட்களில் ஒரு பொறி இருக்கிறது. மார்ச் கடைசியில் சம்பளம் வந்ததும் பெற்றோர் பணம் அனுப்புவார்கள், வங்கித் தானியங்கிப் பிடித்தமும் அப்போதுதான் நடக்கும். பழையது பூட்டியிருக்கிறது, புதியது இன்னும் திறக்கவில்லை. அந்த இடைவெளியில் வந்த ஒவ்வொரு தொகையையும் தனித் தாளில் எழுதி வைத்து, மாறியதும் வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுப் புதியதில் இடுங்கள். அது முடியும்வரை நிலுவை நினைவூட்டல் குறுஞ்செய்திகளை அணைத்தே வையுங்கள். நினைவூட்டல் தானாகப் போகும்படி அமைந்திருப்பது பலருக்குத் தெரியாது.

பழையதற்குத் திரும்ப முடியுமா என்று கேட்பார்கள். புதியதில் முதல் ரசீது போடும்வரை சுலபமாக முடியும், பூட்டைத் திறந்தால் போதும். ரசீது போட்டுவிட்டால், வருகைப் பதிவு தொடங்கிவிட்டால், அவை அனைத்தையும் பழையதில் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். ஆகவே புதன்கிழமை முடிவுக்கு முன் யாரும் ரசீது போடக் கூடாது. வேண்டாம் என்று முடிவானால் பழையதையே திறந்து ஜூன்வரை ஓட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

8. திறந்த பிறகு

முதல் இரண்டு வாரம் வருகையைக் காகிதத்திலும் எடுக்கச் சொல்லுங்கள். மின்சாரமோ இணையமோ போனாலும் அன்றைய பதிவு கையில் இருக்கும். மதிப்பெண்ணை இரண்டிலும் இட வேண்டாம், அது ஆசிரியரை விரட்டிவிடும். விற்பனையாளர் ஆள் ஒருவர் முதல் வாரம் பள்ளியிலேயே இருப்பார் என்பதை ஒப்பந்தத்தில் நாள் குறிப்பிட்டு வாங்கியிருங்கள்.

ஏப்ரல் இறுதியில் முதல் பில் போகும் முன் அதை அச்சிட்டு, விலக்குப் பட்டியலையும் உடன்பிறந்தோர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய மென்பொருளைப் படிக்க மட்டும் முடிகிற நிலையில் ஜூன் தணிக்கை முடியும்வரை வையுங்கள். சோதனைத் தளத்தில் உங்கள் பிள்ளைகளின் உண்மையான பெயரும் எண்ணும் இன்னும் இருக்கும். அதையும், மின்னஞ்சலில் போய்வந்த கோப்புகளையும், உங்கள் பதிவிறக்கக் கோப்புறையில் கிடப்பவற்றையும் அழித்துவிட்டு, விற்பனையாளரும் அழித்ததாக எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.